ஐம்பது வயதில் வரும் பரீட்சைக் கனவு

ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சை. முதல் மணி அடித்துவிட்டது. ஹால் டிக்கெட் வீட்டில் கிடக்கிறது. எந்த அறை என்றும் தெரியவில்லை. வராண்டா முழுக்க ஓடி ஒருவழியாக இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தால், கேள்வித்தாளில் படித்த பாடம் ஒன்றுகூட இல்லை. முன் பெஞ்சுக்காரன் அதற்குள் அடிஷனல் ஷீட் கேட்டு எழுந்து நிற்கிறான். கணக்கு சார் பக்கத்தில் வந்து நின்று, வெறுமையாக இருக்கும் நம் தாளைப் பார்க்கிறார். வியர்த்து விழித்துக்கொள்கிறோம். மணி நாலரை. பக்கத்து அறையில் கல்லூரிக்குப் போகும் மகன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கனவையோ இதன் உடன்பிறப்பையோ காணாதவர்கள் குறைவு. சிலருக்குப் பரீட்சை இருக்காது, ஆசிரியர் மட்டும் வருவார். சிலருக்குப் பழைய வகுப்பே கூடியிருக்கும். எல்லோரும் சீருடையில் இருக்க, தான் மட்டும் லுங்கியோடு போய் நிற்பதாகச் சொன்னவர் உண்டு. கனடாவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் 1181 கல்லூரி மாணவர்களிடம் ஒரு கனவுப் பட்டியலைக் கொடுத்து, இவற்றில் எது உங்களுக்கு ஒருமுறையாவது வந்திருக்கிறது என்று கேட்டார்கள். யாரோ துரத்துவது முதலிடம் பிடித்தது. பள்ளி, ஆசிரியர், படிப்பு சம்பந்தப்பட்ட கனவை 67 சதவீதம் பேர் கண்டிருந்தார்கள். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் படிப்பு கனவில் வருவதில் அதிசயம் இல்லை. பள்ளியை விட்டு முப்பது ஆண்டு கழித்து, சம்பளமும் பதவியும் வந்துவிட்ட பிறகும் அது வருவதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியை அக்கறையோடு எடுத்துப் பேசிய முதல் சிலரில் ஒருவர், இந்தக் கனவைத் தானே அடிக்கடி கண்டவர். வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டு. 1899 இறுதியில் அச்சாகி 1900 என்று ஆண்டு போட்டு வெளிவந்த அவருடைய கனவுகளின் விளக்கம் என்ற நூலில், பரீட்சைக் கனவுக்கு என்றே சில பக்கங்கள் இருக்கின்றன. ஃப்ராய்டின் பல முடிவுகளை இன்றைய உளவியல் ஒதுக்கிவிட்டது. எல்லாக் கனவுக்கும் அடியில் ஓர் ஆசை இருக்கிறது என்ற அவர் வாதத்தை நானும் ஏற்பதில்லை. ஆனால் தன் கனவைத் தானே அவர் கவனித்துக் குறித்துவைத்த நேர்மை இன்றும் நமக்குப் பயன்படும்.

அவர் குறித்தது இது. மருத்துவப் படிப்பின் இறுதித் தேர்வில் சட்ட மருத்துவப் பாடத்தில் அவர் தோற்றிருக்கிறார். அந்தப் பாடம் ஒருநாளும் அவர் கனவில் வந்ததில்லை. கனவில் வந்தவை தாவரவியல், விலங்கியல், வேதியியல். அந்தத் தேர்வுகளுக்குப் பயந்து பயந்துதான் போனார், ஆனால் எப்படியோ தேறிவிட்டார். பள்ளிப் பரீட்சையாகக் கனவு வரும்போதெல்லாம் அது வரலாற்றுப் பரீட்சையாகவே இருந்தது. அதில் அவர் பிரமாதமாகத் தேறியவர்.

தேறிய விதத்தையும் மறைக்காமல் சொல்கிறார். வாய்மொழித் தேர்வில் கொடுத்த தாளில் மூன்று கேள்விகள் இருந்தன. நடுக் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியாது. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கேள்வியின் மேல் நகத்தால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தார். இதை மட்டும் கேட்காதீர்கள் என்று அர்த்தம். ஆசிரியர் அந்தக் கீறலைக் கவனித்தார், அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். பையன் நல்லபடியாகத் தேறினான். அந்த ஆசிரியருக்கு ஒரு கண்தான்.

இந்த ஒற்றைக்கண் ஆசிரியர் இன்னொரு கனவிலும் வருகிறார். ஒரு மனிதரைக் கனவில் பார்த்த ஃப்ராய்டுக்கு, அவர் தன் சொந்த ஊர் மருத்துவர் என்று கனவுக்குள்ளேயே தெரிகிறது. ஆனால் முகம் தெளிவாக இல்லை. அந்த முகத்தில் அவருடைய பள்ளி ஆசிரியர் ஒருவரின் சாயல் கலந்திருக்கிறது. மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தபின் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கடைசியில் அம்மாவிடம் போய்க் கேட்டார். அந்த ஊர் மருத்துவருக்கும் ஒரு கண்தான் என்றார் அம்மா. குடும்பம் அந்த ஊரை விட்டு வந்தபோது ஃப்ராய்டு மூன்று வயதுக் குழந்தை. அந்த மருத்துவரை அவர் பார்த்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. விழித்திருக்கும்போது நினைவுக்கே வராத ஒரு முகத்தை, தனக்குப் பழக்கமான ஆசிரியர் முகத்தோடு கனவு ஒட்டிவைத்திருக்கிறது.

ஆகவே கனவில் வரும் ஆசிரியர் அந்த ஆசிரியரேதான் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம்மை நிறுத்திக் கேள்வி கேட்டவர், நம்மைக் காப்பாற்றியவர், நம்மை எடை போட்டவர் என்று பலருடைய இடத்தில் அவர் ஒருவரே வந்து நிற்கலாம். இன்றைக்கு நம்மை எடை போடும் மேலாளரும் சம்பந்தியும்கூட அந்த முகத்தை மாட்டிக்கொண்டு வரலாம்.

பரீட்சைக் கனவு எப்போது வருகிறது என்பதைப் பற்றியும் ஃப்ராய்டு ஒன்று சொன்னார். மறுநாள் ஏதோ பொறுப்பான காரியம் காத்திருக்கிறது, அதில் தவறிவிடுவோமோ என்ற பயம் இருக்கிறது என்றால் முந்தைய இரவு இந்தக் கனவு வருகிறது. கனவு அந்த நேரத்தில் நம் கடந்த காலத்தைத் துழாவி, பயந்ததற்கு நேர்மாறாக நல்லபடி முடிந்த ஒரு சம்பவத்தை எடுத்துவந்து காட்டுகிறது. அன்றைக்கும் இப்படித்தான் பயந்தாய், ஒன்றும் ஆகவில்லையே, இன்று நீ ஒரு டாக்டர்தானே என்று ஆறுதல் சொல்கிறது. தேறியவர்களுக்குத்தான் இந்தக் கனவு வரும், தோற்றவர்களுக்கு அந்தத் தேர்வு கனவில் வராது என்று அவருடைய சகா வில்ஹெல்ம் ஸ்டெக்கல் சொன்னதையும் ஃப்ராய்டு ஆதரவாக எடுத்துக்கொண்டார்.

கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் ஸ்டெக்கல் சொன்னது அவர் தன்னிடம் வந்தவர்களைப் பார்த்துச் சொன்னது. அதைக் கணக்கெடுத்துச் சோதித்த முடிவாகக் கொள்ள முடியாது. பரீட்சையில் தோற்றவர்களும் அதே பரீட்சையைக் கனவில் எழுதுவதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தக் கனவிலிருந்து ஆறுதலோடு எழுந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நெஞ்சு படபடக்கத்தான் எழுகிறோம். அவருடைய விளக்கத்தில் நிலைத்து நிற்பது முதல் பாதி: நாளைக்கு உள்ள கவலை, நேற்றைய பரீட்சையின் வேஷத்தில் வருகிறது.

இதற்குப் பக்கபலமாக 2014-ல் பாரிசிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பிரான்சில் மருத்துவப் படிப்பின் முதல் ஆண்டு முடிவில் கடுமையான போட்டித் தேர்வு ஒன்று உண்டு. அதை எழுதியவர்களில் 719 பேர், உறக்க மருத்துவர் இசபெல் ஆர்னுல்ஃபின் குழுவுக்குத் தங்கள் கனவுகளைப் பற்றிச் சொன்னார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் 60 சதவீதம் பேர் தேர்வைக் கனவில் கண்டிருந்தார்கள். அந்தக் கனவுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு கெட்ட கனவுகள். தாமதமாகப் போவது, பதில் மறந்துபோவது. மதிப்பெண்ணோடு ஒப்பிட்டபோதுதான் விஷயம் சுவையானது. தேர்வைப் பற்றி அதிகம் கனவு கண்டவர்கள்தான் சராசரியாக அதிக மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். கனவு கண்டதால் மதிப்பெண் வந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அக்கறையாகப் படித்தவர்களுக்குக் கனவும் அதிகம் வந்திருக்கலாம். ஆனால் கனவில் கோட்டைவிட்டால் நேரிலும் கோட்டைவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் உறுதி.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்த நேரத்துக் கனவு அழுத்தமாக மனதில் நிற்பதற்கு உறக்கத்தின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. உறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று வரும். கதை போல நீளும் கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. முன்னிரவில் அது சில நிமிடங்களே இருக்கும். விடியும் நேரத்தில் நீண்டுகொண்டே போகும். அதன் நடுவிலேயே விழித்துக்கொள்வதால் கனவு கையோடு வந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள மூளைப்பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கும். இது சரியா, தவறா என்று ஆராயும் நெற்றிப்பக்க மூளையின் ஒரு பகுதி அடங்கிக் கிடக்கும். நான்தான் எப்போதோ பாஸ் பண்ணிவிட்டேனே என்று கனவுக்குள் ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தாலும், அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே நடக்க முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதைச் சொல்லுங்கள் என்றால், பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவற்றைத்தான் மற்ற காலங்களைவிட அதிகமாகச் சொல்கிறார்கள். இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். முதல் தோல்வி, முதல் நட்பு, முதல் அவமானம் எல்லாம் அந்த வயதில்தான் நடக்கின்றன. மற்றவர் நம்மை எண் போட்டு மதிப்பிடுவதை நாம் முதலில் பார்த்ததும் வகுப்பறையில்தான். ஐம்பது வயதில் ஒருவருக்கு மதிப்பிடப்படும் பயம் வந்தால், அதற்கான காட்சியாகப் பள்ளிக்கூடம் கிடைப்பது இயல்பு.

நண்பர் ஒருவரின் கனவை அவர் சம்மதத்தோடு இங்கே சொல்கிறேன். மதுரைப் பக்கம் மின்சாமான் கடை வைத்திருப்பவர், ஐம்பத்தைந்தை நெருங்குகிறார். அவருக்கு வருவது இயற்பியல் லேப். மேசையில் ரெக்கார்ட் நோட்டு. எல்லாச் சோதனையும் எழுதியிருக்கிறது, ஆனால் ஒரு பக்கத்தில்கூட சார் கையெழுத்து இல்லை. நோட்டை நீட்டுகிறார். சார் வாங்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் கனவு. பல ஆண்டுகளாக விட்டு விட்டு வருகிறது.

கனவு வந்த தேதியையும், அடுத்த ஓரிரு நாளில் என்ன வேலை இருந்தது என்பதையும் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள் என்று அவரிடம் சொன்னேன். சில மாதங்கள் எழுதினார். ஒருமுறை கனவு வந்தது ஜிஎஸ்டி நோட்டீசுக்குப் பதில் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு. இன்னொருமுறை, மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால். மற்றொருமுறை வங்கியில் கடன் வரம்பைப் புதுப்பிக்கும் சமயம். யாரோ ஒருவர் தன் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும், போடுவாரா மாட்டாரா என்று காத்திருந்த நாட்கள் அவை. கனவு சொன்னது முழுக்க முழுக்க இன்றைய சங்கதி என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

இங்கே நிறுத்தியிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அலமாரி நிறைய ஆசிரியர்கள் இருக்க, ஏன் அந்த இயற்பியல் சார் மட்டும்? கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். ப்ளஸ் டூ முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேரும்படி சொல்லி, விண்ணப்பம் வாங்கி, பாதியைத் தானே நிரப்பி வைத்திருந்தவர் அந்த சார். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடு என்றிருக்கிறார். அந்த வாரம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. இவர் கடையில் உட்கார்ந்தார். சாரிடம் போய், வரமுடியவில்லை சார் என்று சொல்லவில்லை. பிறகு சொல்ல வெட்கம். தெருவில் சாரின் சைக்கிள் தெரிந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவாராம். படிக்காமல் போனதைவிட, சொல்லாமல் போனதுதான் அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த உறுத்தலுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-களில் வருத்தங்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். அண்மையில் நடந்தவற்றில், செய்துவிட்ட தவறுகள் அதிகம் சுடுகின்றன. வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போதோ, செய்யாமல் விட்டவைதான் அதிகம் சுடுகின்றன. செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறோம், சமாதானம் தேடிக்கொள்கிறோம், அதில் கற்றதைச் சொல்லித் தேற்றிக்கொள்கிறோம். செய்யாததற்கு முடிவே கிடையாது. செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொண்டு போகலாம். அமெரிக்கர்களின் வருத்தங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2005-ல் பார்த்தபோது, முதலிடத்தில் இருந்தது படிப்பு. மணவாழ்க்கையும் குழந்தை வளர்ப்பும்கூட அதற்குப் பின்னால்தான் வந்தன. படிப்பை எந்த வயதிலும் தொடரலாம் என்று தோன்றிக்கொண்டே இருப்பதால் அந்த வருத்தமும் ஆறுவதில்லை என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

முடியாத வேலை மனதை விட்டுப் போகாது என்று சொல்ல, 1927-ல் பெர்லினில் புளூமா ஸைகார்னிக் செய்த சோதனையைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவிருந்தன என்பது அவர் கண்டது. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு சீராகக் கிடைக்கவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் மரியா ஒவ்ஸியான்கினா கண்ட வேறொன்று உறுதியாக நிற்கிறது: விட்ட வேலையைக் கண்ணில் கண்டால், யாரும் சொல்லாமலே அதை எடுத்து முடிக்கக் கை போகும். பழைய மாணவர் சந்திப்பு செய்வது இதைத்தான். முப்பது ஆண்டு முன்பு விட்ட வேலையை அது கண்ணெதிரே கொண்டுவந்து வைக்கிறது.

இன்று ஊருக்கு ஊர் இந்தச் சந்திப்புகள் நடக்கின்றன. யாராவது ஒருவர் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை வாட்ஸப் குழுவில் போடுகிறார். வட்டம் போட்டு, இது யார், அது யார் என்று கேட்கிறார்கள். தேதி குறித்து, மண்டபம் பிடித்து, பேனர் அடித்து, ஆசிரியர்களுக்குச் சால்வை வாங்கிவிடுகிறார்கள். தேதி நெருங்க நெருங்கப் பலருக்குக் கனவு வர ஆரம்பிக்கிறது. அதில் மர்மம் இல்லை. பகலெல்லாம் பழைய பெயர்களும் பட்டப்பெயர்களும் காதில் விழுந்தால் இரவில் அவை வரத்தானே செய்யும். ஆனால் அந்தக் கனவில் வரும் பயத்தைக் கவனிக்க வேண்டும். அவன் கலெக்டர் ஆபீசில் இருக்கிறான், இவள் அமெரிக்காவில் இருக்கிறாள், நான் என்ன சொல்லிக்கொண்டு போவேன் என்ற கணக்குதான் பெரும்பாலும் அதற்குள் இருக்கிறது. மறுபடியும் ரேங்க் கார்டுதான்.

நண்பருக்கும் அழைப்பு வந்தது. போகவேண்டாம் என்றுதான் இருந்தார். இயற்பியல் சார் வருகிறார் என்று தெரிந்ததும் போனார். சாருக்கு எண்பது தாண்டிவிட்டது. கனவில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற கறுத்த மீசைக்காரர், மண்டபத்தில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். கனவில் ஆசிரியர்களுக்கு வயது ஏறுவதே இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்ததாக நண்பர் சொன்னார்.

இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “சார், என்னைத் தெரியுதுங்களா?” என்று கேட்டிருக்கிறார். சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, “லேப்ல ஃபியூஸ் போனா நீதானடா கட்டுவே” என்றாராம். விண்ணப்பத்தைப் பற்றி இவர் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது சார் நெற்றியைச் சுருக்கினார். அப்படி ஒன்று அவருக்கு நினைவே இல்லை. எத்தனையோ பையன்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் அவர். “அப்பா எப்படி இருக்கார்?” என்று கேட்டார். அப்பா போய்ப் பல வருஷம் ஆயிற்று என்றதும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

நாம் சுமந்து திரியும் கடன், கொடுத்தவர் கணக்கில் இல்லாமலே இருக்கலாம். சந்திப்புக்குப் போகிறவர்கள் இதற்குத் தயாராகப் போகவேண்டும். ஆசிரியருக்கு நம் பெயர் மறந்திருக்கலாம். நாம் பெரிதாக நினைத்த சம்பவம் அவருக்குச் சாதாரண நாளாக இருந்திருக்கலாம். அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு வாடிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஃப்ராய்டு படித்த பள்ளி 1914-ல் பொன்விழா மலர் போட்டபோது அவரும் அதில் எழுதினார். வயது அப்போது 58. பள்ளிக்காகக் கட்டுரை எழுதச் சொன்னதும் பழையபடி பணிந்து எழுத உட்கார்ந்த தன் மனநிலையை அவர் அதில் விவரிக்கிறார். பழைய ஆசிரியரைத் தெருவில் பார்க்கும்போது, இவர் எவ்வளவு இளமையாக இருக்கிறார், நம்மைவிட இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் மூத்தவரா அன்றைக்கு அத்தனை பெரியவராகத் தெரிந்தார் என்று வியப்பதையும் சொல்கிறார். பையன்கள் தந்தைமீது வைத்திருந்த மதிப்பும் கோபமும் அப்படியே ஆசிரியர்மேல் இறங்கின என்பது அவர் கருத்து. அந்தச் சுமையைத் தாங்கள் சுமந்ததே ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்காது.

நண்பரின் கனவு நின்றுவிட்டதா? நிற்கவில்லை. அடுத்த முறை வங்கி வேலை வந்தபோது லேப் மறுபடி வந்தது, சாரும் வந்தார். ஆனால் எழுந்தபின் பாதி நாள் கூடவே வரும் நெஞ்சுக் கனம் இப்போது இல்லை என்கிறார். ஒரு கனவை நேரில் தீர்த்துக்கொண்டால் அது மறைந்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். கனவுக்கு விறகு போடுவது இன்றைய கவலை. அது இருக்கும்வரை ஏதோ ஒரு வேஷத்தில் கனவு வரும். நேரில் தீர்த்துக்கொள்ளக்கூடியது பழைய உறுத்தல் மட்டுமே.

அதைத் தீர்த்துக்கொள்ளத் தயங்குகிறவர்களுக்கு ஓர் ஆய்வு முடிவு உதவும். அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-ல் வெளியிட்டது. தங்களுக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, பெறுபவர் எப்படி உணர்வார் என்று எழுதியவரிடம் ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவரிடமே கேட்டார்கள். எழுதியவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகவும், அவர் மகிழ்வார் என்று குறைவாகவும் நினைத்திருந்தார்கள். வார்த்தை சரியாக வருமா என்று எழுதியவர்கள் கவலைப்பட்டார்கள். பெற்றவர்களோ வார்த்தையை எடை போடவில்லை, அன்பைத்தான் பார்த்தார்கள்.

எல்லா ஆசிரியரும் நன்றிக்குரியவர் இல்லை. இதைச் சொல்லாமல் விடுவது பலருக்கு அநியாயம். பிரம்பால் உடம்பு கன்றும்படி அடித்தவர், சாதியைச் சொல்லிப் பின்பெஞ்சுக்கு அனுப்பியவர், தொடக்கூடாத விதத்தில் தொட்டவர் என்று பள்ளி நாட்களின் பெயரால் நடந்த கொடுமைகள் உண்டு. அப்படிப்பட்டவர் கனவில் வருவது வேறு வகை. பரீட்சைக் கனவு நடந்ததைத் திரித்துக் காட்டும், நடக்காததைச் சேர்க்கும். அதிர்ச்சியால் வரும் கனவு பெரும்பாலும் நடந்ததை ஒட்டியே திரும்பத் திரும்ப வரும். எழுந்தபின் மறுபடி தூங்கப் பயமாக இருக்கும். பகலிலும் அந்தக் காட்சி குறுக்கே வரும். அந்த ஆசிரியர் வரும் சந்திப்புக்குப் போய்ச் சிரித்து போட்டோ எடுத்துக்கொள்ள யாருக்கும் கடமை இல்லை. அவரை மன்னித்தால்தான் கனவு போகும் என்று வற்புறுத்துகிறவர்கள் பேச்சையும் கேட்கவேண்டாம்.

வாரத்துக்கு ஒருமுறையாவது கெட்ட கனவு உலுக்குகிறது, அதனால் தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தில்லாத சிகிச்சை ஒன்று இதற்கு இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் பாரி கிராகவும் சகாக்களும், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கெட்ட கனவுகள் குறைந்தன. செய்முறை எளிது. ஆரம்பத்தில் மிகக் கொடிய கனவை எடுக்காமல், ஓரளவு தாங்கக்கூடிய ஒன்றை எடுத்து எழுத வேண்டும். அந்தக் கனவை எங்கே வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றியதை முழுதாக எழுதிக்கொண்டு, பகலில் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி, அந்தப் புதிய கதையை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய கனவை ஓட்டக்கூடாது. தினமும் செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். சாதாரணப் பரீட்சைக் கனவுக்கும் இதைச் செய்து பார்ப்பதில் தவறில்லை. அதிர்ச்சி சம்பந்தப்பட்டதை மட்டும் மருத்துவர் துணையோடுதான் செய்யவேண்டும். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

மற்றவர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை இந்தக் கனவு வந்தால் பலன் பார்க்க வேண்டாம். தேதியைக் குறித்து வையுங்கள், அந்த வாரம் யாருடைய கையெழுத்துக்காக, யாருடைய வார்த்தைக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதன் பிறகும் ஒரே ஆசிரியர் முகம் திரும்பத் திரும்ப வருகிறது, அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது என்றால், சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியரின் ஊரோ போன் நம்பரோ பள்ளியில் நெடுநாள் வேலை பார்க்கும் எழுத்தருக்கோ, பழைய சக ஆசிரியருக்கோ தெரிந்திருக்கும். இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். சார் இல்லையென்று தெரியவந்தால், அவர் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தங்கள் அப்பா வகுப்பறையில் எப்படி இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.